ஹூட் புகையை இழுக்கவில்லையா? டக்ட் அளவில் பிழை தேடும் முறை

கோவைப் பக்கம் மெஸ், பேக்கரி, மண்டபச் சமையற்கட்டு என்று, அடுப்புக்கு மேல் புகையை வாங்கும் ஹூட்டும் அதை வெளியே கொண்டுபோகும் டக்ட் குழாயும் அடித்துக் கொடுப்பது என் தொழில். புது வேலையைவிட, வேறு யாரோ செய்து வைத்த பழைய வேலைக்குத்தான் அதிகம் கூப்பிடுவார்கள். போனில் வருவது ஏறக்குறைய எப்போதும் ஒரே வரி: "அண்ணா, புளோயர் ஓடுது, புகை போகமாட்டேங்குது." போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் ஃபில்டரோ பெல்ட்டோதான் கோளாறு. மீதிப் பாதியில் டக்டின் வாய் அளவே தப்பாக இருக்கும். அதை எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

இதற்கு ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும்.

```
பரப்பு (சதுர அடி) = காற்று அளவு (சி.எஃப்.எம்.) ÷ வேகம் (அடி/நிமிடம்)
```

சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று போகிறது என்பது. டக்டை நாம் இன்ச்சில் அளப்பதால், வரும் சதுர அடியை 144ஆல் பெருக்கினால் சதுர இன்ச் கிடைத்துவிடும். காற்றுவேக மீட்டர் மீட்டர்/விநாடியில் காட்டினால் 200ஆல் பெருக்குங்கள், அடி/நிமிடம் வந்துவிடும். சரியான எண் 197தான், நம் வேலைக்கு 200 போதும்.

கையில் வேண்டியவை: டேப், ஊதுபத்தி, விசிறி வைத்த காற்றுவேக மீட்டர், மோட்டார் ஆம்பியர் பார்க்க கிளாம்ப் மீட்டர்.

## அறிகுறி 1: புளோயர் ஓடுகிறது, ஆனால் ஹூட்டின் முன் ஓரத்தில் புகை வழிகிறது

முதலில் ஊதுபத்தியைக் கொளுத்தி ஹூட்டின் முன் ஓரத்துக்குக் கீழே பிடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நகர்த்துங்கள். புகை உள்ளே திரும்பினால் இழுவை இருக்கிறது. நேராக மேலே போய் வெளியே வழிந்தால் இல்லை. ஒரு முனையில் மட்டும் வழிந்தால் பக்கத்தில் மின்விசிறியோ ஜன்னல் காற்றோ இருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை குற்றவாளி சமையல்காரர் தலைக்கு மேல் சுற்றும் சுவர் விசிறிதான். அதை நிறுத்திவிட்டுத்தான் மற்ற எல்லாச் சோதனையும்.

### ஃபில்டரைக் கழற்றினால் இழுக்கிறதா?

ஆம் என்றால் ஃபில்டரை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், வேலை முடிந்தது. ஃபில்டர் இல்லாமலே ஓட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எண்ணெய் முழுக்க டக்டுக்குள் போய்ப் படியும், ஒருநாள் தீப்பிடிக்கும்.

### பின் கதவைத் திறந்தால் இழுக்கிறதா?

ஆம் என்றால் டக்டில் குறை இல்லை. வெளியே போகிற அளவு காற்று உள்ளே வர வழியில்லை. கதவை இழுத்துத் திறக்கவே கனமாக இருக்கிறது, திறந்ததும் காற்று சீறிக்கொண்டு உள்ளே வருகிறது என்றால் இதேதான். வழிக்கும் அதே கணக்கு. 2100 சி.எஃப்.எம். வெளியே போகிறது, உள்ளே வரும் காற்று ஆள் மேல் சுரீரென்று அடிக்காமல் நிமிடத்துக்கு 450 அடி வேகத்தில் வர வேண்டும் என்றால், 2100 ÷ 450 = 4.7 சதுர அடி திறப்பு வேண்டும். ஏ.சி. போட்ட சாப்பாட்டு அறையை ஒட்டிய சமையற்கட்டில் இது இல்லாவிட்டால் ஏ.சி. காற்றையே ஹூட் குடித்துவிடும்.

### பெல்ட், சுற்றும் திசை

பெல்ட் தளர்ந்திருந்தால் தொட்டாலே தெரியும். திசையைத்தான் பலரும் பார்ப்பதில்லை. நத்தை ஓடு போன்ற உறை உள்ள புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வெளியே வரும், ஆனால் மிகவும் குறைவாக வரும். மூன்று ஃபேஸ் லைனில் யாராவது ஒயரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் புகை வழிய ஆரம்பித்தது என்றால், முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும். உறையில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். ஒயரை மாற்றிக் கொடுப்பது எலக்ட்ரீஷியன் வேலை, ஐந்து நிமிடம்.

### இதெல்லாம் சரி, இன்னும் வழிகிறது

இனி டக்ட் அளவுதான். ஒரு மெஸ்ஸில் நடந்ததை எண்களோடு சொல்கிறேன்.

ஹூட் 6 அடி நீளம், 3½ அடி அகலம். கீழே இரண்டு தோசைக்கல், ஒரு வடைச்சட்டி. தோசைக்கல்லும் எண்ணெய்ச் சட்டியும் இருந்தால் ஹூட்டின் வாயில் ஒவ்வொரு சதுர அடிக்கும் 100 சி.எஃப்.எம். என்பது நான் எடுக்கும் கணக்கு. சாதம், சாம்பார் மட்டும் கொதிக்கிற இடமென்றால் இதைவிடக் குறைக்கலாம். இங்கே 21 சதுர அடிக்கு 2100 சி.எஃப்.எம். வேண்டும்.

டக்ட் 10க்கு 10 இன்ச். மொத்தம் 30 அடி, வழியில் மூன்று வளைவு, மூன்றும் தகட்டை நேராக வெட்டி ஒட்டிய முட்டி வளைவு. மொட்டை மாடியில் ஒன்றரை ஹெச்.பி. புளோயர். அதன் பில்லில் 2500 சி.எஃப்.எம். என்று எழுதியிருந்ததைக் காட்டி, "இதுக்கு மேல என்னண்ணா வேணும்?" என்றார் கடைக்காரர். அந்த 2500 என்பது எதிர்ப்பு எதுவும் இல்லாமல் தரையில் வைத்து ஓட்டினால் வருவது. டக்டை மாட்டியதும் எவ்வளவு வருகிறது என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

மாடிக்குப் போய், காற்று வெளியேறும் வாயில் மேல் தொப்பியைக் கழற்றினேன். அங்கும் 10க்கு 10தான். வாயை மனதுக்குள் ஒன்பது கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மீட்டரைப் பிடித்தேன். நடுவில் மட்டும் அளந்தால் கணக்கு ஏமாற்றும், ஓரங்களில் காற்று மெதுவாகப் போகும். ஒன்பதின் சராசரி நிமிடத்துக்கு 1750 அடி. 100 சதுர இன்ச் என்பது 0.694 சதுர அடி. 1750 × 0.694 = 1215 சி.எஃப்.எம். வேண்டியது 2100, கிடைப்பது 1215. ஹூட்டின் வாயில் சதுர அடிக்கு 58தான். வடைப் புகை ஏன் நிற்கும்?

இப்போது வேண்டிய அளவைக் கண்டுபிடிப்போம். சமையற்கட்டு டக்டுக்கு நான் நிமிடத்துக்கு 1500 முதல் 1800 அடி வரை எடுப்பேன். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 என்ற தீப் பாதுகாப்பு விதியில் முன்பு குறைந்தது 1500 இருக்க வேண்டும் என்று இருந்தது. 2002 பதிப்பில் அதை 500 ஆக்கிவிட்டார்கள். வேகம் குறைந்தால் எண்ணெய் அதிகம் படியும் என்பது பழைய நம்பிக்கை, சோதனையில் அது நிற்கவில்லை. அதனால் கீழ் எல்லைக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மேல் எல்லைதான் நம்மைக் கடிப்பது.

1600 என்று எடுத்தால், 2100 ÷ 1600 = 1.31 சதுர அடி, அதாவது 189 சதுர இன்ச். 14க்கு 14 போட்டால் 196. வேகம் 1543 வரும், போதும். வட்டக் குழாய் என்றால் 16 இன்ச் விட்டம்.

"நாலு இன்ச்தானே கூட்டுறீங்க, அதுக்கா இவ்வளவு தகடு?" என்று கேட்டார். கூடுவது பக்கத்தில் நாலு இன்ச்தான், ஆனால் பரப்பு 100லிருந்து 196 ஆகிறது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. வேகம் பாதியாகிறது. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது, எனவே வளைவுகளில் இழப்பது நாலில் ஒரு பங்காகிவிடும். டக்டை இவ்வளவு பெரிதாக்க முடியாத இடத்தில் முட்டி வளைவை மட்டுமாவது உருண்டை வளைவாக மாற்றுங்கள். ஒரே வேகத்தில் முட்டி வளைவு தின்னும் அழுத்தத்தில் கால் பங்குதான் நன்றாக வளைத்த எல்போ தின்னும். செலவும் குறைவு.

### புல்லியை மாற்றி வேகமாகச் சுற்றவிட்டால் ஆகாதா?

எல்லாரும் கேட்பது இது. மெக்கானிக்குக்கும் இதுதான் எளிது. அதே மெஸ்ஸில் 1215ஐ 2100 ஆக்க, புளோயர் 1.73 மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். ஆனால் அதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் கன மடங்கு, அதாவது ஐந்து மடங்குக்குமேல். அப்போது புளோயர் சுமார் அரை ஹெச்.பி. வேலை செய்துகொண்டிருந்தது, அது இரண்டரை ஹெச்.பி. தாண்டிவிடும். மாட்டியிருந்த மோட்டாரோ ஒன்றரை. மோட்டாரையும் மாற்றினால்கூட, 10க்கு 10 டக்டில் காற்று நிமிடத்துக்கு 3000 அடி வேகத்தில் ஓடும். மேல் வீட்டுக்காரர் தூங்க முடியாது. புளோயர் சக்கரத்துக்கும் தாங்கும் வேகம் என்று ஒன்று உண்டு. பத்து சதவீதம் கூட்டினால் தீரும் குறை என்றால் புல்லி சரி. அதற்கு மேல் புல்லியைத் தொடாதீர்கள்.

14க்கு 14 தகடும் உருண்டை வளைவுகளும் போட்ட பிறகு மேலே 1480 அடி வேகம் அளந்தேன், 2013 சி.எஃப்.எம். கணக்கில் 2100க்குக் கொஞ்சம் குறைவு. ஊதுபத்திப் புகை முன் ஓரத்திலிருந்து உள்ளே திரும்பியது, வடைப் புகையும் நின்றது. புளோயரையும் மோட்டாரையும் தொடவே இல்லை.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: பழைய டக்டை அறுக்க வேண்டி வந்தாலே. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கிரைண்டர் பொறியோ வெல்டிங்கோ பட்டால் குழாய் முழுக்கப் பற்றிக்கொள்ளும். முதலில் சுத்தம் செய்கிறவர், அப்புறம் தகடு வேலைக்காரர். ஸ்லாபையோ பீமையோ உடைக்க வேண்டியிருந்தால் கட்டட இன்ஜினியரைக் கேட்காமல் துளைக்கக் கூடாது.

## அறிகுறி 2: டக்ட் இரைகிறது, விசிலடிக்கிறது

புளோயரை நிறுத்துங்கள். ஓடி நிற்கும்போது சத்தம் மெல்ல மெல்ல இறங்கினால் காற்றின் சத்தம். கடகடவென்று அதிர்ந்து நின்றால் பேரிங், சக்கரத்தின் சமநிலை, அல்லது தகடு தளர்வு. இரண்டாவது வகைக்கும் டக்ட் அளவுக்கும் சம்பந்தமில்லை. தளர்ந்த தகட்டைக் கையால் அழுத்திப் பிடித்தால் சத்தம் அடங்கும், அங்கே ஒரு ஆங்கிள் அடித்தால் முடிந்தது.

காற்றின் சத்தம் என்றால், டக்டின் மேல் காதை வைத்துக்கொண்டே நடந்து எங்கே அதிகம் என்று பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி இரைந்தால் டக்ட் முழுக்கச் சின்னது, அறிகுறி 1இல் உள்ள கணக்கைப் போடுங்கள். ஒரே இடத்தில் மட்டும் என்றால் அங்கே டக்டை யாரோ நெரித்திருக்கிறார்கள். பீமுக்குக் கீழே நுழைக்க 14 இன்ச்சை 7ஆகத் தட்டையாக்கி, அகலத்தைக் கூட்ட மறந்திருப்பார்கள். பாதிப் பரப்பில் வேகம் இரட்டிப்பு.

அகலத்தைக் கூட்டினாலும் முழுத் தீர்வு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 28க்கு 7 என்பதும் 196 சதுர இன்ச்தான், வேகமும் அதேதான். ஆனால் சுற்றளவு 56 இன்ச்சிலிருந்து 70 ஆகிறது. தகடு கால் பங்கு அதிகம் போகும், காற்று உரசும் சுவரும் அதிகம், உரசல் இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். பீமைத் தாண்டும் நாலைந்து அடிக்கு மட்டும் தட்டையாக்கி, இரு பக்கமும் மெதுவாகச் சரிந்து மாறும்படி செய்தால் பரவாயில்லை. முழு நீளத்துக்கும் தட்டை டக்ட் போட்டுத் தரச் சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவேன். நீளப் பக்கம் குட்டைப் பக்கத்தைப்போல் நாலு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கோடு.

## அறிகுறி 3: இரண்டு ஹூட், ஒரு புளோயர், ஒன்று இழுக்கிறது, மற்றது இழுக்கவில்லை

முதலில் இழுக்காத ஹூட்டின் ஃபில்டர். அது சரியென்றால், இழுக்கிற ஹூட்டின் வாயை ஒரு அட்டையால் பாதி மூடிப் பாருங்கள். (அடுப்பு அணைந்திருக்கும்போது மட்டும்.) உடனே மற்றது இழுக்க ஆரம்பித்தால், கிளைகளின் எதிர்ப்பு சமமாக இல்லை, புளோயருக்குப் பக்கத்தில் இருப்பது முழுக்காற்றையும் எடுத்துக்கொள்கிறது. அருகில் உள்ள கிளையின் குழாயை ஒரு அளவு சின்னதாக்குவதுதான் வழி. எண்ணெய்ப் புகை போகும் டக்டில் தடுப்புத் தகடு வைத்துச் சரிசெய்யாதீர்கள், அதில் பிசுக்கு பிடித்து வழி அடையும்.

அட்டையால் மூடியும் மற்றதில் மாற்றமே இல்லை என்றால், அந்த ஹூட்டின் சொந்தக் கிளைக் குழாயில்தான் அடைப்போ நெரிசலோ இருக்கிறது. மற்றது கொஞ்சம் இழுத்து, மூடாமல் விட்டால் இரண்டுமே போதாமல் இழுக்கிறது என்றால், இரண்டும் சேர்ந்த பிறகு போகும் பெரிய குழாய் சின்னதா என்று பாருங்கள். இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். இரண்டு 10 இன்ச் வட்டக் குழாய் ஒன்றுசேர்ந்தால் அதே 10 இன்ச்சில் தொடர்ந்துவிடுவார்கள். இன்னும் சிலர் 20 இன்ச் போடுவார்கள். கூட்ட வேண்டியது விட்டத்தை அல்ல, பரப்பை. 10ஐ 10ஆல் பெருக்கினால் 100, இரண்டுக்கும் 200, அதன் வர்க்கமூலம் 14 இன்ச்.

## அறிகுறி 4: டக்டைப் பெரிதாக்கிய பிறகு மோட்டார் சூடாகிறது, ட்ரிப் ஆகிறது

விளங்காத மாதிரி இருக்கும். வழியைத் திறந்துவிட்டோம், மோட்டாருக்குச் சுமை குறையத்தானே வேண்டும்? பல சின்ன இறகுகள் சுற்றும் திசையிலேயே முன்னோக்கி வளைந்திருக்கும் அணில்கூண்டு மாதிரிச் சக்கரத்தில் நேர்மாறு. எதிர்ப்பு குறையக் குறையக் காற்று அதிகம் தள்ளும், ஆம்பியரும் ஏறும். அதனால் டக்ட் மாற்றிய அன்றே கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. மேலே சொன்ன மெஸ்ஸில் 1.6 ஆம்பியர் 2.1 ஆனது. மோட்டார் பெயர்ப்பலகை எண்ணுக்குள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

பெயர்ப்பலகை எண்ணைத் தாண்டினால், இங்கேதான் புல்லி உதவும்: புளோயரைக் கொஞ்சம் மெதுவாக்குங்கள். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் காற்று பத்து சதவீதம்தான் குறையும், சுமையோ கால் பங்குக்குமேல் இறங்கிவிடும். அதன் பிறகு காற்று போதவில்லை என்றால் மோட்டாரை மாற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஓவர்லோட் ரிலேயின் திருகைக் கூட்டி வைத்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மோட்டார் காயில் எரிந்த வாசனையையும் அங்கேயே பார்த்தேன்.

## அறிகுறி 5: குழாய்க்குள் தூள் படிந்து அடைக்கிறது

இது சமையற்கட்டில் அல்ல, மரப்பட்டறையில் வருவது. மேலே சொன்னதைப் படித்துவிட்டு "பெரிய குழாய்தான் நல்லது" என்று முடிவு செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். புகை தானே மிதக்கும். மரத்தூளைக் காற்று தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதற்கு நிமிடத்துக்கு 4000 அடி வாக்கில் வேகம் வேண்டும்.

ஒரு ரம்ப மெஷினிலிருந்து 4 இன்ச் குழாய் வருகிறது, அதில் 350 சி.எஃப்.எம். போகிறது என்று வையுங்கள். பரப்பு 0.087 சதுர அடி, வேகம் 4000. தூள் பறக்கும். "அடைக்குது, பெருசாப் போடு" என்று அதையே 6 இன்ச் ஆக்கினால், பரப்பு 0.196. அதே 350 சி.எஃப்.எம். வந்தால் வேகம் 1800க்குக் கீழே. படுக்கையாகப் போகும் குழாயின் அடியில் தூள் மணல்மேடு மாதிரி படியும், எடை தாங்காமல் கிளாம்ப் கழன்று விழுந்த குழாயைக்கூட எடுத்து மாட்டியிருக்கிறேன்.

சோதனை சுலபம். மெஷினை நிறுத்திவிட்டுக் குழாயைக் கீழிருந்து கையால் தட்டிக்கொண்டே போங்கள். காலியான இடம் டங்கென்று ஒலிக்கும், தூள் படிந்த இடம் மொத்தென்று இருக்கும். வளைவுக்குப் பின்னால் மட்டும் மொத்தென்றால் அந்த வளைவை மாற்றினால் போதும். நீளம் முழுக்க மொத்தென்றால் குழாய் பெரிது, அல்லது புளோயருக்குத் தெம்பில்லை. மேலே சொன்ன ஒன்பது கட்ட முறையில் வேகத்தை அளந்துவிட்டுத் தகட்டுக்குக் காசு கொடுங்கள். தூளை எடுக்கக் குழாயைத் திறக்கும்போது பக்கத்தில் பீடி பற்றவைத்த ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.